திருப்பிக் கட்டும் பத்தியை முதலில் படியுங்கள்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, இரவு நிகழ்ச்சி முடிந்து கைப்பேசியைத் திறந்தால் சித்தப்பா மகனிடமிருந்து நான்கு பக்கப் படங்கள் வந்திருந்தன. சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று அவனுக்கு அனுப்பிய வேலை நியமனக் கடிதம். கீழே ஒரே வரி: “அக்கா, பார்த்துட்டுச் சொல்லுங்க. திங்கட்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடணும்.”

தம்பிக்கு வயது 34. ஷா ஆலாமில் தொழிற்சாலைப் பொறியாளர், மாதம் 9,000 ரிங்கிட் சம்பளம். மனைவிக்கும் கிள்ளானில் வேலை. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. கடிதத்தில் மாதச் சம்பளம் 8,000 சிங்கப்பூர் வெள்ளி. அதற்கு மேல் இடமாற்றச் செலவுக்கு மொத்தமாக 6,000 வெள்ளி, முதல் 12 மாதங்களுக்கு மாதம் 1,500 வெள்ளி வீட்டுப்படி. கணக்குப் போட்டால் 24,000 வெள்ளி கூடுதல். குடும்பமே கொண்டாட்டத்தில் இருந்தது.

மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பத்தியை மட்டும் யாரும் படிக்கவில்லை. அதன் சாரம் இதுதான்: வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள், எந்தக் காரணத்தாலும் வேலை முடிவுக்கு வந்தால், பெற்ற இடமாற்றச் சலுகைகள் அனைத்தையும் முழுமையாகத் திருப்பிச் செலுத்த வேண்டும், அதைக் கடைசிச் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டு.

வேலை மாறி ஊர் மாறுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது “எவ்வளவு தருகிறார்கள்?” என்பதுதான். “பாதியில் வந்துவிட்டால் எவ்வளவு கேட்பார்கள்?” என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் அந்தக் கடிதத்தின் உண்மையான மதிப்பு தெரியும். அன்று இரவு நானும் தம்பியும் அப்படித்தான் தொடங்கினோம்.

பதினான்காம் மாதத்துக் கணக்கு

ஒரு கற்பனை வைத்துக்கொண்டோம். தம்பி ஜனவரி முதல் தேதி வேலையில் சேர்கிறான். குடும்பத்தோடு போய் மாதம் 3,200 வெள்ளி வாடகையில் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துக்கு வீடு எடுக்கிறான். அடுத்த ஆண்டு பிப்ரவரி முடிவில், அதாவது 14 மாதம் கழித்து, வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போக, வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்ப நேர்கிறது. அந்தக் கடைசி மாதத்தில் அவன் கையில் என்ன மிஞ்சும்?

முதலில் கடிதத்தில் உள்ள பத்தி. “இடமாற்றச் சலுகைகள் அனைத்தும்” என்ற சொல்லில் லோரிக் காசு மட்டுமல்ல, வீட்டுப்படியும் அடங்கிவிடுகிறது. 6,000 வெள்ளியும், பன்னிரண்டு மாதம் வாங்கிய 18,000 வெள்ளியும் சேர்த்து 24,000 வெள்ளி திருப்பித் தர வேண்டும். அந்த வீட்டுப்படி எப்போதோ வீட்டுக்காரர் கைக்குப் போய்விட்டது. 23 மாதம் வேலை செய்துவிட்டு விலகினாலும் இதே தொகைதான். ஒரு மாதம் குறைந்தாலும் சலுகை இல்லை.

அடுத்தது வரி. இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் பலர் தடுமாறுகிறார்கள். மலேசியாவில் மாதாமாதம் பிசிபி என்று சம்பளத்திலிருந்தே வரியைப் பிடித்துவிடுகிறார்கள். கைக்கு வருவது வரி போன மிச்சம். சிங்கப்பூரில் அப்படி மாதப் பிடித்தம் கிடையாது. முழுச் சம்பளமும் கைக்கு வரும். இந்த ஆண்டு சம்பாதித்ததற்கான வரி அடுத்த ஆண்டுதான் கணக்கிடப்பட்டுக் கடிதமாக வரும். அதைத் தனியே எடுத்து வைக்காதவருக்கு அது திடீர்க் கடன்.

தம்பியின் முதலாண்டு வருமானம் சம்பளம் 96,000, வீட்டுப்படி 18,000, ஆக 114,000 வெள்ளி. வரிக் கழிவுகள் எதையும் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், சிங்கப்பூர் வரிக் குடியாளருக்கு முதல் 80,000 வெள்ளிக்கு 3,350 வெள்ளி வரி. அடுத்து 120,000 வரையிலான பகுதிக்கு 11.5 விழுக்காடு. மீதி 34,000 வெள்ளிக்கு அது 3,910. மொத்தம் 7,260 வெள்ளி. பிப்ரவரியில் வேலையை விடும்போது இதில் ஒரு காசுகூடக் கட்டப்பட்டிருக்காது.

வெளிநாட்டவர் ஒருவர் வேலையை விட்டால், நிறுவனம் குறைந்தது ஒரு மாதம் முன்பே வருமான வரித் துறைக்கு ஐஆர்21 என்ற பாரத்தை அனுப்ப வேண்டும். அவர் வேலையை விடப்போவது தெரிந்ததிலிருந்தே, அவருக்குத் தர வேண்டிய பணம் முழுவதையும் நிறுத்தி வைக்க வேண்டும். வரித் துறை பாரத்தைப் பெற்று 30 நாள் ஆகும் வரையில், அல்லது அதற்குள் அது பதில் சொல்லும் வரையில், சம்பளம் கைக்கு வராது. வரி முதலில் அதிலிருந்துதான் எடுக்கப்படும்.

மூன்றாவது வீடு. சிங்கப்பூரில் வாடகை ஒப்பந்தத்தில் ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ என்று ஒரு பிரிவு சேர்ப்பது வழக்கம். வெளிநாட்டு ஊழியர் வேலையிழந்தாலோ, வேறு நாட்டுக்கு மாற்றப்பட்டாலோ, ஓராண்டு முடிந்தபின் இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்பது அதன் பொதுவான வடிவம். பதினான்காம் மாதம் என்பது இந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆனால், தானாக விலகியவருக்கு அது பொருந்துமா என்பது எழுதியிருக்கும் சொற்களைப் பொறுத்தது. பல ஒப்பந்தங்களில் பொருந்தாது. அப்போது குறைந்தபட்சம் இரண்டு மாத முன்பணமான 6,400 வெள்ளி போய்விடும். மீதி மாத வாடகையைக் கேட்கவும் வீட்டுக்காரருக்கு வழி உண்டு.

24,000, 7,260, 6,400. மூன்றையும் கூட்டினால் 37,660 வெள்ளி. எதிரே அவனுக்கு வர வேண்டிய கடைசி மாதச் சம்பளம் 8,000 வெள்ளி.

தொலைபேசியில் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “அக்கா, அப்ப அந்த 24,000 கொடுக்கறது இல்ல, கடன்தானா?” என்றான். 24 மாதம் முடியும் வரையில் அது கடன்தான். அப்படி நினைத்துக்கொண்டு பேசினால் எதைக் கேட்க வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

எந்தச் சொல்லை மாற்றக் கேட்பது?

திருப்பிக் கட்டும் பத்தியே கூடாது என்று எந்த நிறுவனத்திடமும் வாதாட முடியாது. செலவு செய்து ஒருவரை அழைத்து வந்தபின் அவர் மூன்றே மாதத்தில் வேறு இடத்துக்குப் போய்விடக் கூடாது என்பது அவர்கள் பக்கத்து நியாயம். அந்த நியாயத்துக்குத் தேவையானதைவிட அதிகமாகப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலாவது, தேய்மானம். மாதம் போகப் போகத் திருப்பிக் கட்டும் தொகை குறைய வேண்டும். 24 மாதத்தில் ஒவ்வொரு மாதத்துக்கும் 24இல் ஒரு பங்கு கழியும் என்று எழுதினால், பதினான்காம் மாதத்தில் 10 பங்குதான் பாக்கி. 24,000 வெள்ளி 10,000 ஆகிவிடும்.

இரண்டாவது, எதையெல்லாம் திருப்பித் தர வேண்டும் என்ற பட்டியல். லோரி, விமானம், முதல் சில நாள் தங்கும் விடுதி போன்றவை ஒருமுறைச் செலவு. அவற்றைக் கேட்பதில் பொருள் உண்டு. மாதாமாதம் சம்பளத்தோடு வரும் வீட்டுப்படி அந்த மாத வேலைக்கான கூலியைப் போன்றது. அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் 6,000 வெள்ளியில் 24க்கு 10 பங்கு, அதாவது 2,500 வெள்ளி. ஒரே பத்தி, ஒரே பதினான்காம் மாதம். 24,000 ஆகவும் இருக்கலாம், 2,500 ஆகவும் இருக்கலாம். வித்தியாசம் இரண்டு வாக்கியம்.

மூன்றாவது, “எந்தக் காரணத்தாலும்” என்ற சொல். நிறுவனமே ஆட்குறைப்புச் செய்தாலும், பிரிவை மூடினாலும், வேலை அனுமதி அட்டை புதுப்பிக்கப்படாமல் போனாலும் அது ‘எந்தக் காரணமும்’ என்பதில் அடங்கிவிடும். வேலையையும் இழந்து பணத்தையும் திருப்பித் தருவது என்ன நியாயம்? தானாக விலகினால், அல்லது ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டால் மட்டும் என்று மாற்றச் சொல்லலாம்.

நான்காவது, எந்த நாளிலிருந்து எண்ணுவது? வேலையில் சேர்ந்த நாளிலிருந்து என்றிருந்தால் நல்லது. “கடைசியாகச் சலுகை பெற்ற நாளிலிருந்து 24 மாதம்” என்றிருந்தால், வீட்டுப்படி 12 மாதம் வருவதால், கட்டு ஏறக்குறைய மூன்றாண்டுக்கு நீண்டுவிடும்.

ஐந்தாவது, வரிக்கு முந்தைய தொகையா, பிந்தைய தொகையா? 18,000 வெள்ளி வீட்டுப்படியில் 11.5 விழுக்காடு, அதாவது 2,070 வெள்ளி, வரியாகப் போகிறது. உண்மையில் அவனிடம் நின்றது 15,930 வெள்ளி. முழு 18,000 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தால் வாங்காத பணத்தையும் கொடுத்த கதையாகிவிடும். வரி போக நின்ற தொகையையே திருப்ப வேண்டும் என்று எழுதச் சொல்லலாம்.

1,500 வெள்ளியின் உண்மையான எடை

ரொக்கமாகத் தரும் வீட்டுப்படி சிங்கப்பூரில் முழுக்க வரிக்கு உட்பட்ட வருமானம். எனவே தம்பியின் 1,500 வெள்ளி, வரி போக 1,327 வெள்ளி 50 காசுதான். பதின்மூன்றாம் மாதம் அதுவும் நின்றுவிடும், வாடகை நிற்காது. இரண்டாமாண்டுக் குடும்பச் செலவை வீட்டுப்படி இல்லாமல் போட்டுப் பார்த்து, அது தாங்கினால்தான் அந்த வாடகை வீட்டை எடுக்க வேண்டும்.

இடமாற்றச் செலவின் கதை வேறு. சாமான் கட்டுவது, ஏற்றி வருவது போன்ற செலவை ரசீதுக்கு நிறுவனம் ஈடுகட்டினால் அதற்கு வரி இல்லை. அதே காசைக் கணக்குக் கேட்காமல் மொத்தமாகக் கையில் கொடுத்தால், செலவுபோக மிஞ்சும் பகுதி வருமானமாகப் பார்க்கப்படும். அதனால் லோரி நிறுவனத்துக்கு வேலை தருபவரே நேரடியாகப் பணம் கட்டுவது நமக்கு இரண்டு விதத்தில் நல்லது. ரசீது சிக்கல் இல்லை; முன்கூட்டி நம் கைக்காசையும் போட வேண்டியதில்லை.

முன்கூட்டிப் போகும் கைக்காசு சாதாரணமல்ல. 3,200 வெள்ளி வாடகை வீட்டுக்கு இரண்டாண்டு ஒப்பந்தமென்றால் முன்பணம் 6,400, முதல் மாத வாடகை 3,200. ஒப்பந்தத்துக்கான முத்திரை வரி மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, அதை வாடகைக்கு இருப்பவர்தான் கட்ட வேண்டும். 76,800 வெள்ளிக்கு அது சுமார் 307 வெள்ளி. சாவி கைக்கு வருமுன் 9,907 வெள்ளி. முகவர் கட்டணம் இருந்தால் அது தனி. 6,000 வெள்ளி இடமாற்றத் தொகை பெரிதாகத் தெரிந்தது, இந்தப் பட்டியலைப் பார்க்கும் வரையில்தான்.

இந்தப் பக்கமும் ஒரு பூட்டு

அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். “ஷா ஆலாம் கம்பெனியோட கடைசிச் சம்பளமும், எடுக்காத லீவுக் காசும் வரும்ல அக்கா” என்றான். அங்கேதான் இன்னொரு முடிச்சு.

ஊழியர் ஒருவர் மூன்று மாதத்துக்கு மேல் மலேசியாவை விட்டுப் போகப் போகிறார் என்று தெரிந்தால், முதலாளி குறைந்தது 30 நாள் முன்பே சிபி21 பாரத்தின் வழி வருமான வரி வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாரியம் வரித் தீர்வுக் கடிதம் தரும் வரையில், அல்லது 90 நாள் வரையில், அவருக்குச் சேர வேண்டிய பணத்தைக் கொடுக்கக் கூடாது. ஆக, சிங்கப்பூரில் முன்பணம் கட்ட வேண்டிய அதே வாரத்தில் இங்குள்ள கடைசிச் சம்பளம் பூட்டிக் கிடக்கலாம். ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் அன்றே மனிதவளப் பிரிவிடம் வெளிநாடு போவதைச் சொல்லிப் பாரத்தைச் சீக்கிரம் அனுப்பச் சொல்ல வேண்டும். பழைய வரிக் கணக்குகள் ஏதும் சமர்ப்பிக்காமல் இருந்தால் அதை முன்பே முடித்துவிட வேண்டும். அப்படியும் மூன்று மாதத்துக்கான கையிருப்பை அந்தச் சம்பளத்தை நம்பாமல் வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

சேமநிதியையும் சம்பளத்தோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். தம்பியின் 9,000 ரிங்கிட்டுக்கு முதலாளி 12 விழுக்காடு, அதாவது மாதம் 1,080 ரிங்கிட், ஊழியர் சேமநிதியில் போட்டுவந்தார். எம்ப்ளாய்மென்ட் பாஸில் வேலை செய்யும் வெளிநாட்டவருக்குச் சிங்கப்பூரின் மத்திய சேமநிதி கிடையாது. முதலாளி பங்கு அங்கே பூஜ்யம். ஓய்வுக்காலச் சேமிப்பு தொடர வேண்டுமென்றால் அவனே இங்குள்ள கணக்கில் விருப்பச் சந்தா செலுத்த வேண்டும். ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை அதற்கு அனுமதி உண்டு. அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டுதான் 8,000 வெள்ளியைப் பழைய சம்பளத்தோடு ஒப்பிட வேண்டும்.

மனைவியின் சம்பளமும் கணக்கில் வர வேண்டும். மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருந்தால் மனைவி மக்களைச் சார்ந்தோர் அனுமதியில் அழைத்து வரலாம். தம்பிக்கு அந்தத் தகுதி உண்டு. ஆனால் அந்த அனுமதியில் வருபவர் வேலை செய்ய வேண்டுமானால் தமக்கென்று தனி வேலை அனுமதி பெற வேண்டும். அது கிடைக்கும் வரையில் ஒரே சம்பளம்தான்.

திங்கட்கிழமை நடந்தது

தம்பி கையெழுத்துப் போடவில்லை; மின்னஞ்சல் போட்டான். சண்டைக்குப் போகும் தொனியில் இல்லாமல், வேலையில் சேரும் விருப்பத்தைச் சொல்லிவிட்டு நான்கு மாற்றங்களைக் கேட்டான்: மாதத் தேய்மானம், ஆட்குறைப்புக்கு விலக்கு, வீட்டுப்படியைப் பட்டியலிலிருந்து எடுப்பது, லோரிக் காசை நிறுவனமே நேரடியாகக் கட்டுவது. பதிலுக்கு மூன்று நாள் ஆனது. தேய்மானத்துக்கும் ஆட்குறைப்பு விலக்குக்கும் லோரிக்கும் சம்மதம். வீட்டுப்படியை எடுக்க முடியாது என்றார்கள்.

ஆக, பதினான்காம் மாதத்தில் விலகினால் அவன் திருப்பித் தர வேண்டியது 10,000 வெள்ளிக்கு மேல் போகாது. இருபதாம் மாதத்தில் அது 4,000 வெள்ளி. இது சமாளிக்கக்கூடிய கடன். திருத்திய கடிதம் கைக்கு வந்தபின்தான் கையெழுத்துப் போட்டான். தொலைபேசியில் “பரவாயில்லை, அப்படி நடக்காது” என்று யாராவது சொல்வது கணக்கில் சேராது; கடிதத்தில் இருப்பதுதான் நிற்கும்.

வீட்டு விஷயத்தில் மனைவிதான் தெளிவான முடிவெடுத்தார். முதல் ஆறு மாதம் தம்பி மட்டும் போய் ஒரு வீவக வீட்டில் அறை எடுத்துத் தங்குவது. வீவக வாடகைக்குக் குறைந்தபட்சக் காலமே ஆறு மாதம்தான் என்பதால் அதற்குக் குறைவாக எடுக்கவும் முடியாது. அந்த ஆறு மாதத்தில் வேலை எப்படி, வீடு எங்கே, தனக்கு அங்கே வேலை கிடைக்குமா என்று பார்த்துவிட்டு, அதன்பின் குழந்தையோடு போவது. அதுவரை கிள்ளான் சம்பளம் நிற்காது. வீட்டுப்படியில் மிஞ்சுவது முன்பணத்துக்குச் சேரும்.

இந்தத் திட்டத்தில் ஒன்றை மட்டும் மறுபடி கேட்கச் சொன்னேன். லோரிச் செலவை நிறுவனம் எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்தச் சொல்கிறது? சிங்கப்பூர்ச் சுங்கத் துறையிலும் ஒரு கெடு உண்டு. குடிபெயர்ந்து வருபவர் குறைந்தது மூன்று மாதம் வைத்துப் பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு ஜிஎஸ்டி விலக்குக் கிடைக்கும். ஆனால் வந்து சேர்ந்த ஆறு மாதத்துக்குள் அவற்றைக் கொண்டுவர வேண்டும். போகுமுன் புதிதாக வாங்கும் டிவியும் சோபாவும் அதில் சேராது. கெடு ஆறு மாதம், அறை ஒப்பந்தமும் ஆறு மாதம். ஐந்தாம் மாத முடிவில் லோரிக்கு ஏற்பாடு செய்வதாகத் தம்பி நாட்காட்டியில் குறித்திருக்கிறான்.

இன்னொரு குறிப்பும் அதே நாட்காட்டியில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்த அன்றே 605 வெள்ளியைத் தனிக் கணக்கில் போட வேண்டும். 7,260ஐப் பன்னிரண்டால் வகுத்தால் வரும் தொகை. பிசிபி பிடிக்காத ஊரில் அவனே தனக்குப் பிசிபி பிடித்துக்கொள்கிறான்.